சாம்பாரை நம்பி மோசம் போனேன்: பாலூட்டும்போது கூடுதல் கலோரியும் புரதமும் வீட்டுச் சாப்பாட்டிலேயே எடுப்பது எப்படி?

குழந்தைக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. அவன் எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது, என் எடைதான் இறங்கிக்கொண்டே போனது. கர்ப்பத்துக்கு முன் 55 கிலோ இருந்தவள், அன்று தராசில் 52. தடுப்பூசி போட வந்த செவிலியர் என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் சாம்பார் இல்லாத நாளே கிடையாது. "தினமும் பருப்பு சாப்பிடுகிறேன் அக்கா" என்று தைரியமாகச் சொன்னேன். "எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்?" என்று கேட்டார். அத்தை உள்ளிருந்தே பதில் சொன்னார்: "நாலு பேருக்கு நூறு கிராம், இரண்டு வேளைக்கும்."

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அதன்பின் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். சமைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன், பருப்பு வேகவைப்பது எப்படி என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

படி 1: எவ்வளவு கூடுதலாக வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரை இது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் அம்மாவுக்கு, வழக்கமான உணவுக்கு மேல் ஒரு நாளைக்கு 600 கலோரியும் 17 கிராம் புரதமும் வேண்டும். வழக்கமான அளவு என்பது 55 கிலோ எடையுள்ள, அதிக உடல் உழைப்பு இல்லாத பெண்ணுக்கு 1660 கலோரி, 46 கிராம் புரதம். கூட்டினால் 2260 கலோரி, 63 கிராம் புரதம்.

600 என்பது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எண் மறக்காது. குழந்தை நாளுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் குடிக்கிறது. 100 மில்லி தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி இருக்கிறது. அதோடு பாலை உருவாக்க உடல் செலவழிக்கும் சக்தியையும் சேர்த்தால் 600 பக்கம் வந்துவிடும்.

கர்ப்பத்தில் ஏறிய எடை நிறைய மிச்சமிருந்தால் இந்த 600இல் ஒரு பகுதியை உடல் கொழுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். புரதத்துக்கு அப்படிச் சேமிப்புக் கிடங்கு இல்லை. குறைவாகச் சாப்பிட்டால் உடனே பால் கெட்டுப்போய்விடாது, உடல் அம்மாவின் தசையிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். என் மகன் கொழுகொழுவென்று இருந்ததும் நான் மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியதும் அதனால்தான்.

படி 2: ஒரே ஒரு நாள் எழுதி வையுங்கள்

என் அந்த நாள் இப்படி இருந்தது. இரண்டு காபி, ஒவ்வொன்றிலும் 100 மில்லி பால்: 6 கிராம் புரதம். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: 7. மதியம் 125 கிராம் அரிசிச் சோறு: 10. ஒரு குழிக்கரண்டி சாம்பார்: 3கூட இல்லை. ரசம்: ஒன்றுமில்லை. தயிர் ஒரு கிண்ணம்: 3. மாலையில் ரஸ்க், கொஞ்சம் பொரியல்: 2. இரவு மறுபடி நாலு இட்லி: 7. மொத்தம் 38 கிராம். கலோரி சுமார் 1600.

அதாவது பாலூட்டாத பெண்ணுக்கான அளவே எனக்கு எட்டவில்லை. 25 கிராம் புரதமும் 600க்கு மேல் கலோரியும் பற்றாக்குறை. வயிறு என்னவோ நிறைந்துதான் இருந்தது.

படி 3: பருப்பைப் பச்சையாக அளந்து பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள்.

100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூறு கிராமைக் குக்கரில் வைத்து, கடைந்து, புளியும் தண்ணீரும் முருங்கைக்காயும் சேர்த்துப் பெரிய பாத்திரம் நிறையச் சாம்பார் ஆக்கி, நாலு பேர் இரண்டு வேளை ஊற்றிக்கொள்கிறோம். எட்டுப் பங்கு. ஒரு பங்குக்கு 12 கிராம் பருப்பு, அதில் 2.7 கிராம் புரதம். அரை முட்டைக்குக்கூடச் சமமில்லை. பத்திய நாட்களில் இன்னும் மோசம். பூண்டுக் குழம்பிலும் மிளகு ரசத்திலும் வாசனை உண்டு, நல்லெண்ணெய் உண்டு, புரதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சமையலை மாற்றத் தேவையில்லை, பங்கை மாற்றினால் போதும். வேகவைக்கும்போது 30 கிராம் பருப்பைக் கூடுதலாகப் போடுங்கள். வெந்ததும், புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, கெட்டியான பருப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். உப்பு, சீரகம், ஒரு தேக்கரண்டி நெய். மதியச் சோற்றில் முதல் பிசைவு இந்தப் பருப்பு, அதன் பிறகே சாம்பார். எடுத்து வைக்க மறந்து சாம்பாரைக் கூட்டிவிட்டால் அந்தப் பருப்பு எட்டாகப் பிரிந்துவிடும். எனக்கு முதல் வாரத்தில் மூன்று நாள் அப்படி ஆனது. பிறகு கிண்ணத்தைக் குக்கர் மேலேயே கவிழ்த்து வைக்க ஆரம்பித்தேன். மூடியைத் திறப்பவர் கையில் முதலில் கிண்ணம் அகப்படும், ஞாபகமும் வரும்.

அளக்க எது வசதி? சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் முதல் மூன்று நாள் பயன்படுத்துங்கள். 30 கிராம் பருப்பு உங்கள் வீட்டுக் கரண்டியில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு தராசை எடுத்து வைத்துவிடுங்கள். தினமும் எடை போட்டுச் சாப்பிடும் வேலை, இரவில் மூன்று முறை எழுந்திருப்பவளுக்கு ஆகாது. டப்பாவில் வரும் தாய்மார் பவுடர் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் பின்பக்கத்தில் ஒரு வேளைக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 4: மீதி மூன்று சேர்க்கைகள்

கெட்டிப் பருப்பும் நெய்யும் சேர்ந்து 6.5 கிராம் புரதம், 145 கலோரி. இத்துடன் காலை இட்லிக்குப் பக்கத்தில் ஒரு அவித்த முட்டை: 6 கிராம், 75 கலோரி. படுக்கும்முன் 200 மில்லி பால், சர்க்கரை இல்லாமல்: 6 கிராம், 120 கலோரி.

நான்காவது மல்லாட்டை உருண்டை. வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். 300 கிராம் மல்லாட்டையைச் சிறுதீயில் வறுத்து, தோலைத் தேய்த்து ஊதிவிட்டு, 200 கிராம் பொடித்த வெல்லத்துடன் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம். சூடு ஆறுவதற்குள் அரைத்தால் கடலை எண்ணெய் கசிந்து தானாகவே உருண்டை பிடிக்க வரும். இருபது உருண்டை கிடைக்கும். நாளுக்கு இரண்டு என்றால் பத்து நாள் வரும். இரண்டு உருண்டையில் 7.5 கிராம் புரதம், 245 கலோரி.

வறுக்கும்முன் கடலையைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை படர்ந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வறுத்த பிறகு கசந்தாலும் எறியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் உருவாகும் நஞ்சு தாய்ப்பாலிலும் இறங்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

நான்கையும் கூட்டினால் 26 கிராம் புரதம், 585 கலோரி. என் பழைய 38உடன் சேர்த்து 64 கிராம். கலோரியில் மட்டும் இன்னும் 75 போல இடித்தது, அதற்கு மதியம் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

உருண்டைச் சம்படத்தைச் சமையலறையில் வைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது வரும் பசி, எழுந்து போய் எடுக்க விடாது. நான் தொட்டில் பக்கத்திலேயே வைத்திருந்தேன், கூடவே ஒரு சொம்புத் தண்ணீர். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள்.

மீன் வாங்கும் நாள்

முதுநகர் பக்கமிருந்து மீன் வரும் நாளில் கணக்கு சுலபம். 100 கிராம் மத்தி மீனில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. அன்றைக்கு முட்டையும் கெட்டிப் பருப்பும் இல்லாவிட்டாலும் புரதத்துக்குக் குறை இல்லை, கலோரிக்கு மட்டும் சோற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் கரையோர வழக்கம், எனக்கும் அம்மா செய்து கொடுத்தார். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன், அதன் சதையில் பாதரசம் சேரும். நான் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டு மத்திக்கும் நெத்திலிக்கும் மாறிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் பின்னர் சேர்த்தது

புதுச்சேரியிலிருந்து ஒருவர், அவர்கள் வீட்டில் நாற்பது நாள் முட்டை கூடாது என்று எழுதினார். முட்டைக்குப் பதில் 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்யுங்கள். புரதம் ஏறக்குறைய அதே 6 கிராம்தான், கலோரி கொஞ்சம் கூடுதல்.

பருப்பும் கடலையும் சாப்பிட்டால் குழந்தைக்கு வாயு பிடிக்காதா என்று நான்கு பேர் கேட்டார்கள். வாயு உண்டாவது உங்கள் குடலில், அது பாலுக்குள் போவதில்லை. உங்களுக்கே வயிறு உப்பினால் அளவைப் பாதியாக்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள்.

இப்படிச் சாப்பிட்டால் பால் கூடுமா? கூடாது, குறைந்தபட்சம் இதனால் கூடாது. பால் சுரப்பு, குழந்தை எத்தனை தடவை நன்றாகக் குடித்து மார்பைக் காலி செய்கிறது என்பதைப் பொறுத்தது. குழந்தைக்குப் போதுகிறதா என்பதை எடை ஏறுவதிலும் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிப்பதிலும் பாருங்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டியதும் புரதக் குறை என்று பயந்து எழுதியவர்களுக்கு: பிரசவத்துக்குப் பின் அது பலருக்கு வருகிறது, நன்றாகச் சாப்பிடுபவர்களுக்கும் வருகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் உருண்டைக்குப் பதில் வெறும் வறுகடலை சாப்பிடலாம், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே வேண்டாம்.

அங்கன்வாடியில் பதிவு செய்தால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை சத்துமாவு கிடைக்கும். பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி என்பது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கும் அளவு. எங்கள் வீட்டில் அந்த மாவு பல நாள் குடும்பத்துக்கே அடையாகிப் போனது, சாம்பார் பருப்பின் கதைதான். உங்கள் பங்கைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஆறு மாதம் முடிந்து குழந்தை இணை உணவு தொடங்கியபின் கூடுதல் தேவை 520 கலோரி, 13 கிராம் புரதம் என்று இறங்கும். நான் அப்போது உருண்டையை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். கெட்டிப் பருப்புக் கிண்ணம் மட்டும் இன்னும் குக்கர் மேல்தான் இருக்கிறது, இப்போது அதில் பாதி மகனுக்குப் போகிறது.