லண்டனிலிருந்து சென்னை: காலை வெயில்தான் தூக்கத்தைக் கெடுத்தது

ஜூலையில் லண்டனிலிருந்து சென்னை வந்த என்னால் ஆறு நாட்கள் இரவு மூன்றரை மணிக்கு முன் தூங்கவே முடியவில்லை. காபியை நிறுத்தியும் பயனில்லை. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியதில் இரவு இன்னும் மோசமானது. உள்ளூர் வெயில் பட்டால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னதால், தினமும் ஆறு மணிக்கே திருவான்மியூர் கடற்கரையில் நடந்தேன்.

தவறு அங்கேதான் இருந்தது. உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பது, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அதற்கு முன் படும் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைப் பின்னே தள்ளும், பின் படுவது முன்னே இழுக்கும். லண்டனில் ஏழு மணிக்கு எழுந்த எனக்கு அந்தப் புள்ளி ஏறக்குறைய நாலரை மணி, அதாவது சென்னையில் ஒன்பது. கடற்கரையில் நான் நின்றபோது என் உடலுக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிதான்!

ஏழாம் நாள் திரைச்சீலையை மூடி, ஒன்பதரைக்கு மேல்தான் மொட்டை மாடிக்குச் சென்றேன். பிறகு அந்த நேரத்தைத் தினமும் ஒரு மணி நேரம் முன்னகர்த்தினேன். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்து, நள்ளிரவுப் பசிக்குத் தண்ணீர் மட்டும் குடித்தேன். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், அலாரம் வைத்து இருபது நிமிடம். இப்படி மாற்றிய ஐந்தாம் இரவில் பதினொன்றரைக்கே தூங்கிவிட்டேன்.

மேற்கே திரும்பியபோது மாலை வெளிச்சமே போதுமாக இருந்தது.