பனோரமாவின் கோணல் ஓரங்களை வெட்டுவது எப்படி? காட்சி அதிகம் போகாமல் ஒரு வழி

கையில் பிடித்து எடுத்த படங்களை ஒட்டினால் ஓரம் படிக்கட்டு போலத்தான் வரும். ஒவ்வொரு கிளிக்குக்கும் கேமரா கொஞ்சம் ஏறும், இறங்கும், சாயும். அதை உடனே கிராப் செய்துவிடாதீர்கள். முதல் வேலை நிமிர்த்துவது. படம் சாய்ந்தோ வில்லாக வளைந்தோ இருந்தால், அந்த வளைவுக்குள் அடங்கும் செவ்வகம் மிகவும் ஒல்லியாகிவிடும்.

நான் பயன்படுத்துவது படங்களை ஒட்டும் Hugin, படத்தைத் திருத்தும் GIMP. இரண்டு மென்பொருளும் இலவசம்.

1. Hugin-இல் படங்களை ஒட்டியதும், முன்னோட்டச் சாளரத்தில் Move/Drag பகுதிக்குப் போய் Straighten அழுத்துங்கள். அடிவானம் இன்னும் சரிந்திருந்தால் மவுஸின் வலது பட்டனை அழுத்தியபடி இழுத்துத் திருப்பலாம். பிறகு Fit.

2. Crop பகுதியில் Autocrop இருக்கிறது. வெற்றிடம் இல்லாத பெரிய செவ்வகத்தை அதுவே தேடிக் கொடுக்கும். ஆனால் அது பரப்பளவைத்தான் பார்க்கும், படத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் Autocrop போடாமல் TIFF ஆகச் சேமியுங்கள்.

3. GIMP-இல் திறந்து, அடியில் புது லேயர் ஒன்று போட்டு அடர் ரோஸ் நிறம் நிரப்புங்கள். இந்தப் படியைத் தவிர்க்கவே வேண்டாம். கறுப்புப் பின்னணியில், நிழலான புதர் ஓரத்தில் நாலு பிக்சல் வெற்றிடம் இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். ரோஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

4. இப்போது எங்கே வெட்டுவது என்ற கணக்கு. ஆறு படங்களை ஒட்டிய ஒரு பனோரமா, மேல் ஓரத்துப் படிக்கட்டை வெட்டியபின் 9000 × 2400 பிக்சல் என்று வையுங்கள். இடது கீழ் மூலையில் மட்டும் 500 அகலம், 300 உயரத்துக்கு ஒரு ஓட்டை. அதற்காக அடிப்பகுதியை முழு நீளத்துக்கு வெட்டினால் 27 லட்சம் பிக்சல் போகும். இடது பக்கத்தை வெட்டினால் 12 லட்சம்தான். Autocrop இரண்டாவதைத்தான் எடுக்கும். ஆனால் இடது ஓரத்தில் ஒரு மரம் நிற்கிறது, பாதியாக அறுபடும். ஓட்டையோ வெறும் புல்தரையில் இருக்கிறது, வெறும் 1.5 லட்சம் பிக்சல். அதை Clone கருவியால் பக்கத்துப் புல்லைக் கொண்டு நிரப்பிவிடலாம். மரமும் தப்பும், அடிப்பகுதியும் தப்பும்.

புல், மணல், மேகமில்லாத வானம் என்றால் தாராளமாக நிரப்பலாம். செங்கல் சுவர், கம்பி வேலி, மனிதர்கள் இருக்கும் இடத்தில் நிரப்பினால் கோடுகள் முறியும், ஒரே உருவம் இரண்டு முறை வரும். அங்கே வெட்டுவதுதான் நேர்மை.

5. Shift+C அழுத்தி கிராப் கருவியை எடுங்கள். Delete cropped pixels-இல் டிக் இருக்க வேண்டாம். வெட்டியது லேயரில் அப்படியே இருக்கும், மனம் மாறினால் மீட்கலாம். வெட்டியபின் 100% பெரிதாக்கி நாலு ஓரத்தையும் மெதுவாக உருட்டிப் பாருங்கள். எங்காவது ரோஸ் தெரிந்தால் Ctrl+Z போட்டு, அந்த ஓரத்தில் சில பிக்சல் உள்ளே தள்ளி மறுபடி வெட்டுங்கள். பிறகு ரோஸ் லேயரை நீக்கிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.