புதிதாக வருபவருக்கு "சகல ஆவணங்களுடன் வரவும்" என்று மெயில் போடாதீர்கள்

ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில், புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளுக்கு முன் மெயில் அனுப்புவது என் பொறுப்பு. ஒருமுறை "காலை 8 மணிக்கு சகல மூல ஆவணங்களுடன் சமுகமளிக்கவும்" என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டேன். மஸ்கெலியா பக்கத் தோட்டமொன்றிலிருந்து கணக்குப் பிரிவுக்கு வரவிருந்த பிள்ளை அதை வாசித்துவிட்டு, வேலை கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது, பெயரைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதுதான்.

இப்போது இப்படி எழுதுகிறேன்: "அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மூன்றுக்கும் ஒவ்வொரு போட்டோ கொப்பி போதும். பெயர் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள், என்ன செய்யலாம் என்று இருந்து பேசுவோம்." வந்த பிறகு ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுத வைக்கிறோம். இங்கே ஓர் எழுத்து பிசகினால் பின்னால் பணம் எடுக்கும்போதுதான் அலைச்சல்.

அடுத்தது நேரம். 8 மணி என்று நாம் எழுதிவிடுகிறோம், தோட்டத்து பஸ் டவுனுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்பதில்லை. முதல் நாள் மட்டும் 9.30 என்று போடுங்கள். மழையில் பாதை அடைபட்டால் யாருக்கு அழைப்பது என்று ஒரு பெயரும் போன் நம்பரும் வேண்டும், "அலுவலகத்துக்கு அறிவிக்கவும்" என்று போட்டால் அவர் யாரைத் தேடுவார்?

சம்பளத்தைப் பற்றிக் கேட்க அவர் கூச்சப்படுவார், அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். அடிப்படைச் சம்பளம் மட்டும் 60,000 ரூபாய் என்றால் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,800 பிடித்து 55,200 கைக்கு வரும். நிறுவனம் தன் பங்காக 12 வீதம் போடும், நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் நிறுவனத்துடையதே, அவரிடம் பிடிப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் முதல் சம்பளத்தைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். 20ஆம் திகதி சேர்பவருக்கு முதல் சம்பளம் எந்தத் திகதியில், எத்தனை நாளுக்கு என்றும் எழுதுங்கள், அதுவரை பஸ் காசுக்கு அவர் வீட்டில் கேட்டு வைக்க வேண்டுமே.

அப்புறம், இதையெல்லாம் வெள்ளி மாலை அனுப்பாதீர்கள். கொப்பி எடுக்கவே டவுனுக்கு வர வேண்டும், திங்கள் சேர்பவருக்கு முந்திய புதனாவது போய்ச் சேரட்டும். பெரிய பிடிஎஃப் இணைப்பும் வேண்டாம். லயத்துக்குள் சிக்னல் இல்லாமல் வெளியே மேட்டில் ஏறி நின்று மெயில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், விஷயத்தை மெயிலுக்குள்ளேயே தமிழில் எழுதிவிடுங்கள்.