√2 + √3 இன் சிறுமப் பல்லுறுப்புக்கோவை: விடை சரியாக இருந்தும் நிறுவல் எங்கே தவறுகிறது

கடலூரிலும் புதுச்சேரியிலும் முதுகலைக் கணிதம் பயிலும் மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், பெரும்பாலானோர் முதல் இரண்டு வரிகளைத் தடையின்றி எழுதிவிடுவார்கள். α = √2 + √3 எனக் கொண்டால் α² = 5 + 2√6 ஆகும்; 5ஐ இடப்பக்கம் கொண்டுவந்து மீண்டும் வர்க்கப்படுத்தினால் α⁴ − 10α² + 1 = 0 கிடைக்கிறது. தவறுகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

α ஒரு நான்காம் படிச் சமன்பாட்டை நிறைவு செய்கிறது என்பது மட்டுமே இதுவரை தெரிந்தது. அந்தக் கோவை விகிதமுறு எண்களின் மீது காரணிப்படாது என்பதையும் காட்டினால்தான் அது சிறுமப் பல்லுறுப்புக்கோவை ஆகும். இங்கே பலர் ±1 ஐப் பிரதியிட்டு, இரண்டிலும் −8 வருவதால் விகிதமுறு மூலம் இல்லை, ஆகவே காரணிகளும் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றாம் படி வரை செல்லும் இந்த வாதம் நான்காம் படியில் செல்லாது. x⁴ − 5x² + 6 என்பதற்கும் விகிதமுறு மூலம் கிடையாது. ஆயினும் அது (x² − 2)(x² − 3) எனப் பிரிகிறது.

வேறு சிலர் ஐசன்ஸ்டைன் விதியை நாடுகிறார்கள். மாறிலி உறுப்பு 1 என்பதால் அது நேரடியாகப் பொருந்தாது. x க்குப் பதிலாக x + 1 இட்டால் x⁴ + 4x³ − 4x² − 16x − 8 வருகிறது. தலைக்கெழு தவிர மற்ற எல்லாக் கெழுக்களையும் 2 வகுத்தாலும், 8 ஐ 4 உம் வகுப்பதால் விதி கைகொடுப்பதில்லை. பகா எண் மட்டில் சோதிப்பதும் வீண் முயற்சியே: மட்டு 3 இல் இக்கோவை (x² + 1)², மட்டு 5 இல் (x² + 2)(x² − 2), இவ்வாறே எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் அது காரணிப்பட்டுவிடும்.

என் பார்வையில், Q(√2, √3) என்ற கள விரிவின் படியை முதலில் கண்டுவிடுவதே நேர்வழி. ஆனால் இரண்டு வர்க்கமூலங்கள் இருப்பதால் 2 × 2 = 4 என்று பெருக்கிவிடுவது பிழை; √2, √8 இரண்டையும் சேர்த்தாலும் படி 2 தான், ஏனெனில் √8 = 2√2. ஆகவே √3 ஆனது Q(√2) இல் இல்லை என்று காட்ட வேண்டும். a, b விகிதமுறு எண்களாக √3 = a + b√2 எனில், 3 = a² + 2b² + 2ab√2; √2 விகிதமுறா எண் என்பதால் ab = 0 ஆக வேண்டும். b = 0 எனில் √3 விகிதமுறு எண்ணாகிவிடும்; a = 0 எனில் √6 = 2b என வந்து √6 விகிதமுறு எண்ணாகிவிடும். இரண்டும் பொய், ஆகையால் Q(√2, √3) இன் படி 4.

இன்னும் ஒரு கட்டம் எஞ்சியுள்ளது, அதைத்தான் விடைத்தாள்களில் பெரும்பாலும் காண முடிவதில்லை: Q(α) என்பதும் Q(√2, √3) என்பதும் ஒரே களம் என்று காட்டுவது. 1/α = √3 − √2 என்பதால் √3 = (α + 1/α)/2, √2 = (α − 1/α)/2; இரண்டு மூலங்களுமே Q(α) இல் அடங்குகின்றன. எனவே Q(α) இன் படியும் 4, α வின் சிறுமப் பல்லுறுப்புக்கோவையின் படியும் 4. α வை மூலமாகக் கொண்ட, தலைக்கெழு 1 ஆன x⁴ − 10x² + 1 தான் அந்தக் கோவை. அது காரணிப்படாது என்று தனியாக நிறுவும் வேலையே இவ்வழியில் எழுவதில்லை.