மர வரிசை போட்ட வயலில் விளைச்சலை அளப்பது எப்படி?

வயலில் மரம் இருந்தால் விளைச்சல் கூடுமா, குறையுமா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. மரத்தடியில் குறையும், கொஞ்சம் தள்ளிப் போனால் சரியாகிவிடும், சில இடத்தில் கூடவும் செய்யும். அதனால் மரத்திலிருந்து எத்தனை மீட்டரில் எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். 20 மீட்டர் இடைவெளியில் மர வரிசைகளும் நடுவே ஒரு தானியப் பயிரும் உள்ள வயலை வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

படி 1: ஒப்பீட்டு வயலைத் தேர்ந்தெடுங்கள்

அதே மண், அதே ரகம், அதே விதைப்புத் தேதி, ஆனால் மரமே இல்லாத துண்டு ஒன்று வேண்டும். இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் உள்ள இடத்தையே ஒப்பீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரத்தின் வேர் கிளைவிரிப்பைத் தாண்டியும் ஓடும். நடுப்பகுதியும் கொஞ்சம் அடிபட்டிருந்தால் உங்கள் இழப்புக் கணக்கு குறைத்தே காட்டும்.

படி 2: பட்டை பட்டையாக அறுவடை செய்யுங்கள்

மர வரிசையிலிருந்து நடுப்பகுதிவரை உள்ள 10 மீட்டரைப் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 1 சதுர மீட்டர் சட்டத்தை வைத்து அறுத்து, காயவைத்து, தானியத்தை எடை போடுங்கள். வரிசையின் இரு பக்கமும், குறைந்தது நான்கைந்து இடங்களில் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளந்தால் நிழல் விழும் பக்கத்தை நழுவ விட்டுவிடுவோம்.

நமக்குக் கிடைத்த சராசரி இப்படி இருக்கட்டும்:

- 0–1 மீ: பயிரே இல்லை, மரம் நிற்கும் இடம்
- 1–3 மீ: 160 கிராம்
- 3–6 மீ: 320 கிராம்
- 6–10 மீ: 400 கிராம்
- மரமில்லாத வயல்: 400 கிராம்

படி 3: அகலத்தைச் சேர்த்துச் சராசரி எடுங்கள்

ஒவ்வொரு பட்டையின் விளைச்சலையும் அதன் அகலத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்.

```
(0×1 + 160×2 + 320×3 + 400×4) ÷ 10 = 288
288 ÷ 400 = 0.72
```

முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது பயிர் இல்லாத அந்த 1 மீட்டரை நான் விட்டுவிட்டேன். 10க்குப் பதில் 9ஆல் வகுத்தால் 320 வரும், விகிதம் 0.80 ஆகிவிடும். மரம் பிடித்துக்கொண்ட நிலமும் இழப்புதான்.

படி 4: மரத்தையும் கணக்கில் சேருங்கள்

இந்த வயலில் மரம் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 6 கன மீட்டர் வளர்கிறது, தனித்தோப்பாக இருந்தால் 15 வளரும் என்று வைப்போம். 6 ÷ 15 = 0.40. பயிரின் 0.72-ஐக் கூட்டினால் 1.12. இதுதான் நிலச் சமான விகிதம். பயிரையும் மரத்தையும் தனித்தனியே வளர்த்து இதே அளவு எடுக்க 1.12 ஹெக்டேர் தேவைப்பட்டிருக்கும். 1-க்கு மேல் என்றால் நிலம் நன்றாகப் பயன்படுகிறது, அவ்வளவுதான். லாபமா என்பது வேறு கேள்வி.

படி 5: பணத்தைத் தனியாகப் போடுங்கள்

தனிப்பயிரின் வரவு 100, செலவு 60, மிச்சம் 40 என்று வைப்போம். மரம் உள்ள வயலில் வரவு 72. பயிர்ப் பரப்பு பத்தில் ஒன்று குறைவதால் செலவு 54. மிச்சம் 18. விளைச்சல் 28 சதவீதம்தான் குறைந்தது, பயிரின் லாபமோ பாதிக்கும் மேல் போய்விட்டது. நிழல் விழும் இடத்திலும் உழவும் உரமும் அதே அளவு என்பதுதான் காரணம்.

இதை மரம் ஈடுகட்ட வேண்டும், ஆனால் அதன் பணம் தாமதமாக வரும். 10 சதவீத வட்டியில் பார்த்தால், 10 ஆண்டு கழித்து வரும் 100-க்கு இன்றைய மதிப்பு சுமார் 39 தான். மரம் சின்னதாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் பயிர் இழப்பும் குறைவு என்பதால் ஆண்டுவாரியாகத்தான் எழுத வேண்டும்.

படி 6: நிழலா, வேரா?

வரிசையின் ஒரு பகுதியில் மட்டும், மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி முழங்கால் ஆழத்துக்கு மேல் பள்ளம் தோண்டி, வேரை வெட்டி, பிளாஸ்டிக் தாளை நிறுத்தி மூடுங்கள். அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் பயிர் தேறினால் தண்ணீருக்கும் சத்துக்குமான வேர்ப்போட்டிதான் காரணம். தேறாவிட்டால் பெரும்பாலும் நிழல். கிளை கழிக்க வேண்டும். தாள் வைக்காமல் வேரை மட்டும் வெட்டினால் மறுபடி வளர்ந்து வந்துவிடும்.

படி 7: மண்

அதே பட்டைகளிலும் ஒப்பீட்டு வயலிலும் 0–15 செ.மீ. ஆழத்தில் மாதிரி எடுத்து கரிமத்தையும் சத்துகளையும் பாருங்கள். மரத்தடியில் கூடுதலாக இருந்தால் உடனே மரத்துக்குப் பாராட்டு வேண்டாம். பக்கத்து மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய சத்தே இலையாக இங்கே விழுந்திருக்கலாம். நிழலில் படுக்கும் மாடுகளின் சாணமாகவும் இருக்கலாம். மண் முன்பிருந்தே அங்கே வளமாக இருந்ததா என்ற சந்தேகம், மரம் நடுவதற்கு முன்பே எடுத்துவைத்த மாதிரி இருந்தால் தீரும், அதனால் புது வயல் என்றால் குழி தோண்டும் முன்பே மண்ணை எடுத்துவிடுங்கள்.