ஃபில்டர் போட்டால் நிறக்குருடு மோட் ஆகிவிடாது

புதிதாக கேம் செய்பவர்கள் தங்கள் பில்டைச் சோதிக்கச் சொல்லி எனக்கு அனுப்புவார்கள். எழுத்து சிறியது, பட்டன் சிறியது போன்ற குறைகள் யார் கண்ணிலும் படும், அதனால் அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

திரை முழுக்க ஒரே ஃபில்டர்

சமீபத்தில் வந்த ஒரு கேமில் எதிரிக்குச் சிவப்பு விளிம்பு, கூட்டாளிக்குப் பச்சை விளிம்பு. செட்டிங்ஸில் சிவப்பு-பச்சைக் குறைபாட்டுக்கென 'டியூட்டரனோபியா' மோடும் இருந்தது. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத நண்பர் ஒருவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆன் பண்ணினாலும் ஆஃப் பண்ணினாலும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். நான் போட்டபோது இரண்டு விளிம்பும் மங்கிய மஞ்சளாகின. காரணம் அப்போதே புரிந்துவிட்டது. அது அவருக்கு உதவும் மோட் அல்ல, அவர் பார்ப்பதை நமக்குக் காட்டும் சிமுலேஷன். டெவலப்பர் நம் பக்கம் சோதிப்பதற்கான ஷேடரை எடுத்து, அப்படியே மெனுவில் வைத்துவிட்டார். இது எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் தேவைப்படுபவருக்கு அதனால் எதுவும் கிடைப்பதில்லை.

சரி, திருத்தும் ஃபில்டரே போட்டால்? அது வானம், முகம், புல் எல்லாவற்றின் நிறத்தையும் சேர்த்து நகர்த்தும். ஒரு ஜோடி பிரியும்போது வேறொரு ஜோடி ஒன்றாகிவிடக்கூடும்.

அதனால் ஃபில்டரை விட்டுவிட்டு, பொருள் சொல்லும் நிறங்களை மட்டும் மாற்றுங்கள். அந்த கேமில் அவை மூன்றே: எதிரி, கூட்டாளி, உயிர்ப்பட்டை. மூன்றையும் கோடெங்கும் தூவாமல் ஒரே பேலட்டில் வைத்தால் மாற்றுவது எளிது. எதிரிக்கு ஆரஞ்சு, கூட்டாளிக்கு நீலம் என்றால் சிவப்பு-பச்சைக் குறைபாட்டில் பொதுவாகப் பிரிந்து தெரியும். நீலம்-மஞ்சளில் சிக்கல் உள்ளவருக்கு வேறு ஜோடி வேண்டும், எனவே ஆட்டக்காரரே நிறம் தேர்ந்தெடுக்க விடுவது நல்லது. அப்புறம் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஒன்றின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். எதிரியின் தலைக்கு மேல் ஒரு முக்கோணம் வைத்துவிட்டால் நிறமே தெரியாவிட்டாலும் ஆடலாம். சிவப்பு-பச்சைக் குறைபாட்டின் இன்னொரு வகையான புரோட்டனோபியா உள்ளவர்களுக்குச் சிவப்பு இருண்டும் தெரியும். இருட்டுக் குகையில் சிவப்பு விளிம்பு மட்டும் இருந்தால் எதிரி அங்கே இருப்பதே தெரியாமல் போகும்.

கீ மாற்றம்

கீயை மாற்றிய பிறகும் டுடோரியல் "E அழுத்து" என்றே சொல்லும், ஏனென்றால் அந்த எழுத்தை நேரடியாக டைப் செய்திருப்பார்கள். செயலின் பெயரை மட்டும் வைத்து, தற்போதைய கீயைத் திரைக்கு வரும் நேரத்தில் எடுத்துக் காட்ட வேண்டும்.

சப்டைட்டில்

சப்டைட்டில் வேண்டுமா என்று முதல் கட்சீன் ஓடுவதற்கு முன்பே ஆட்டக்காரரிடம் கேளுங்கள். அதன் பிறகுதான் மெனு திறக்கும் என்றால், சப்டைட்டில் தேவைப்படுபவருக்குக் கதையின் தொடக்கம் போய்விட்டது.