ஆபரேஷன் முடிந்தவருக்கு அனுப்பும் செய்தியில் கேள்வி எதற்கு?

பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகம். கணக்குப் பிரிவு அக்கா மூன்று வாரம் மருத்துவ விடுப்பில் இருக்கிறார். ஆபரேஷன் என்று மட்டும்தான் சொன்னார், என்ன ஆபரேஷன் என்று சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரர் அவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறார்:

“அக்கா, திடீர்னு என்னாச்சு? கட்டியா, கர்ப்பப்பையா? எங்க சித்திக்கும் இதேதான், ரெண்டாவது தடவையும் திறக்க வேண்டியதாப் போச்சு. கத்தரிக்கா, கருவாடு தொட்டுராதீங்க. எப்ப வருவீங்க? பில்லெல்லாம் அப்படியே கிடக்கு.”

அக்கறையில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படுத்திருக்கும் அக்காவுக்கு அது பாரம். பதில் சொன்னால் தன் உடம்பு விஷயம் அலுவலகத்துக்குப் போய்விடும். சொல்லாமல் விட்டால் எதையோ மறைக்கிறார் என்று ஆகிவிடும். நம்ம பக்கத்தில் நலம் விசாரிப்பது என்றாலே நாலு கேள்வி கேட்பதுதான்; கேட்காவிட்டால் பாசமில்லை என்று நினைப்போம். நேரில் கேட்டால், எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளலாம். போனில் வந்து விழுந்த கேள்வி, பதில் போடும்வரை அங்கேயே நிற்கும். அதனால் எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கேள்விக்குறி இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சித்தி கதை பயத்தைத்தான் கூட்டும். பத்தியமும் அப்படித்தான்: என்ன ஆபரேஷன் என்றே தெரியாத நாம் எதைச் சாப்பிடலாம் என்று எப்படிச் சொல்வது? அதை டாக்டர் சொல்லியிருப்பார்.

“ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க” என்பதும் பெரிதாக உதவாது. என்ன கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்று யோசிக்கிற வேலை அவர் தலையில் விழுகிறது. செய்ய முடிந்த ஒன்றை நீங்களே சொல்லுங்கள். அதே செய்தியை இப்படி எழுதலாம்:

“அக்கா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு கேட்டதும் நிம்மதியா இருந்துச்சு. பில் வேலையை நாங்க பிரிச்சு எடுத்துக்கிட்டோம், நீங்க அந்த நினைப்பே இல்லாம ஓய்வெடுங்க. சனிக்கிழமை காலைல மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போறேன். காய்கறி வேணும்னா ‘சரி’ன்னு மட்டும் போடுங்க, வாசல்லயே குடுத்துட்டுப் போயிருவேன். மத்தபடி இதுக்குப் பதில் போடணும்னு இல்லக்கா.”

வேலையைப் பிரித்துக்கொண்டது உண்மையாக இருந்தால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள். ஆபரேஷன் அன்றே அனுப்ப வேண்டாம். மயக்க மருந்தின் அசதியும் வலியும் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து அனுப்புங்கள், அதுவும் அவருக்கு மட்டும். அலுவலகக் குரூப்பில் போட்டால் அடுத்த நிமிடமே யாராவது “என்ன ஆபரேஷன்?” என்று கேட்டுவிடுவார்கள்.

வேறு யார் மூலமாவது விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அது தெரியும் என்று செய்தியில் காட்டிக்கொள்ள வேண்டாம். அப்புறம், அவராகவே என்னவென்று சொன்னால் சொன்ன அளவுக்கு மட்டும் ஆறுதலாகப் பதில் போடுங்கள். அடுத்த மேசைக்கு அது போக வேண்டியதில்லை.